மடலில் போவது எழுத்துருவின் பெயர் மட்டும்

எங்கள் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்துக்கு மாதம் ஒரு செய்திமடல் உண்டு. மின்னஞ்சலில்தான் போகும். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். ஓராண்டுக்கு முன் அதன் தோற்றத்தைப் புதுப்பிக்கும் வேலை என்னிடம் வந்தது. கூகுள் எழுத்துருக்களில் தேடி ‘கேட்டமரன்’ என்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். தமிழும் ஆங்கிலமும் ஒரே கையால் வரைந்ததுபோல் அதில் இசைந்து நிற்கும். கணினியில் இறக்கி நிறுவி, மடலை அமைத்து, முதலில் எனக்கே அனுப்பிப் பார்த்தேன். ஜிமெயிலில் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. நானூறு பேருக்கும் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மூன்று பேர் திரைப்படம் எடுத்து அனுப்பினார்கள். ஐபோனில் படித்தவருக்கு மடல் நான் வரைந்தபடியே வந்திருந்தது. ஆண்ட்ராய்டு கைபேசியில் படித்தவருக்கு எழுத்து வேறு, ஆனாலும் படிக்க முடிந்தது. அலுவலகக் கணினியில் அவுட்லுக் வைத்திருந்த அக்கா ஒருவருக்கு வந்ததுதான் மனதை வருத்தியது. ஆங்கிலம் முழுக்க பழைய நீதிமன்ற மனுபோல டைம்ஸ் நியூ ரோமனில் இருந்தது. தமிழ் அதற்குச் சம்பந்தமே இல்லாத பருமனில் பக்கத்தில் நின்றது. ‘நன்கொடை அளிக்க’ என்ற பொத்தான் இரண்டு வரியாக உடைந்து, இரண்டாம் வரி பாதி மறைந்திருந்தது.

தவறு எங்கே என்று தேடியபோது முதலில் தெரிந்துகொண்டது இதுதான். மின்னஞ்சலுக்குள் எழுத்துரு கிடையாது. மடலில் நாம் எழுதி அனுப்புவது எழுத்துருவின் பெயர் மட்டுமே. ‘இதை கேட்டமரனில் காட்டு’ என்ற குறிப்பு போகிறது. மடலைப் பெறும் கருவி தன்னிடம் அந்தப் பெயரில் எழுத்துரு இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் காட்டும். இல்லையென்றால் குறிப்பில் அடுத்து எழுதியிருக்கும் பெயரைப் பார்க்கும். எதுவுமே இல்லையென்றால் தன் விருப்பத்துக்கு ஒன்றைப் போட்டுக்கொள்ளும். நானோ அடுத்த பெயர் ஒன்றும் எழுதவில்லை.

எனக்குச் சரியாகத் தெரிந்ததற்குக் காரணமும் அதிலேயே இருக்கிறது. கேட்டமரன் என் கணினியில் நிறுவப்பட்டிருந்தது. அதனால் எனக்கு நான் அனுப்பிய எந்த மடலும் எனக்கு அழகாகத்தான் தெரியும். எழுத்துரு விஷயத்தில் அனுப்புகிறவரின் கணினி ஒருபோதும் சாட்சியாகாது. வடிவமைப்பு வேலை செய்கிறவர்களின் கணினிகளில் நூற்றுக்கணக்கான எழுத்துருக்கள் கிடக்கும் என்பதால் இந்த ஏமாற்றம் அவர்களுக்குத்தான் அதிகம்.

இணையப் பக்கத்தில் எழுத்துருவையே வழங்கியிலிருந்து இறக்கிக் காட்ட முடிகிறதே, மடலில் முடியாதா என்று கேட்கலாம். சில இடங்களில் முடியும். ஐபோனிலும் மேக் கணினியிலும் உள்ள ஆப்பிள் மெயில் அப்படி இறக்கிக் காட்டும். என் நண்பரின் ஐபோனில் மடல் சரியாக வந்தது அதனால்தான். ஜிமெயில் அதை அனுமதிப்பதில்லை. எழுத்துருவை இறக்கச் சொல்லும் பகுதியை அது நீக்கிவிட்டு, பெயர்ப் பட்டியலை மட்டும் விட்டுவைக்கிறது. கணினியில் ஜிமெயிலைத் திறந்தவர்களிடம் கேட்டமரன் இல்லை, பட்டியலில் அடுத்த பெயரும் இல்லை. ஆகவே உலாவி தன் இயல்பு எழுத்துருவுக்குப் போயிருக்கும். பெரும்பாலான கணினிகளில் அதுவும் டைம்ஸ் நியூ ரோமன்தான்.

அவுட்லுக்கின் கதை தனி. விண்டோஸில் இயங்கும் பழைய அவுட்லுக், 2007 பதிப்பிலிருந்து, மடல்களைக் காட்ட மைக்ரோசாஃப்ட் வேர்டின் இயந்திரத்தையே பயன்படுத்துகிறது. உலாவிபோல அது பட்டியலில் ஒவ்வொரு பெயராக இறங்கி வராது. முதல் பெயர் அதற்குத் தெரியாத இணைய எழுத்துருவாக இருந்தால், பின்னால் ஏரியல் என்று எழுதியிருந்தாலும் பல பதிப்புகளில் நேராக டைம்ஸ் நியூ ரோமனுக்குத் தாவிவிடும். புதிய அவுட்லுக் உலாவியின் வழியில் நடக்கிறது. ஆனால் பழையதற்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அலுவலகங்களுக்கு மடல் அனுப்புகிறவர்கள் அதைக் கணக்கில் வைத்தே ஆகவேண்டும்.

அப்படியானால் எந்த எழுத்துரு பாதுகாப்பானது? 1996இல் மைக்ரோசாஃப்ட் சில எழுத்துருக்களை இணையத்துக்கென்று இலவசமாக வெளியிட்டது. ஏரியல், வெர்டானா, ஜார்ஜியா, டைம்ஸ் நியூ ரோமன், ட்ரெபுஷே, கூரியர் நியூ எல்லாம் அந்தக் குடும்பம். விண்டோஸிலும் மேக்கிலும் ஐபோனிலும் இவை இன்றும் இருக்கின்றன. மின்னஞ்சலுக்குப் பாதுகாப்பானவை என்று சொல்லப்படும் பட்டியல் ஏறத்தாழ இதுதான்.

ஆண்ட்ராய்டில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஏரியல், வெர்டானா, ஹெல்வெட்டிகா, டஹோமா என்று எதைக் கேட்டாலும் ஆண்ட்ராய்டு தன் ரொபோட்டோவைத்தான் எடுத்துக் கொடுக்கும். ஜார்ஜியா, டைம்ஸ் நியூ ரோமன் என்று கேட்டால் நோட்டோ செரிஃப் வரும். அந்தப் பெயர்களை ஆண்ட்ராய்டு மாற்றுப்பெயர்களாக முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. ஏரியலைக் கேட்டவருக்கு அதே சாயலில் நேர்கோட்டு எழுத்து கிடைக்கிறது. ஜார்ஜியாவைக் கேட்டவருக்கு நுனிகளில் சிறு பாதம் வைத்த எழுத்து கிடைக்கிறது. ஆகவே ‘பாதுகாப்பான எழுத்துரு’ என்பது எல்லாக் கருவியிலும் இருக்கும் எழுத்துரு அல்ல. அது இல்லாத இடத்தில் அதன் உடன்பிறப்பு வந்து நிற்கும் என்ற உறுதி உள்ள எழுத்துரு, அவ்வளவுதான். நாம் எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதைவிட, அதற்குப் பதிலாள் யார் என்பதைத் தேர்ந்தெடுக்கிறோம்.

தமிழுக்கு வந்தால் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. ஏரியலிலோ ஜார்ஜியாவிலோ தமிழ் எழுத்து கிடையாது. தமிழ் வரிக்கு ‘ஏரியல்’ என்று எழுதினாலும் ஒவ்வொரு கருவியும் தன்னிடம் உள்ள தமிழ் எழுத்துருவையே போடும். விண்டோஸ் 8 முதல் அது நிர்மலா யூஐ. ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் எம்என். அந்த ‘எம்என்’ முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறனின் முதலெழுத்துகள். ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ். மூன்றும் படிக்கத் தெளிவானவை. தமிழைப் பொறுத்தவரை இந்த மூன்றில் எது வந்தாலும் மடல் குலையாதபடி அமைப்பதே நம் வேலை.

இங்கே பலர் சறுக்குவது லதாவிலும் விஜயாவிலும். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து லதாவைப் பார்த்துப் பழகிவிட்டோம். விண்டோஸ் 7உடன் விஜயா வந்தது. ஆனால் விண்டோஸ் 10இலிருந்து இவ்விரண்டும் இயல்பாக வருவதில்லை. ‘தமிழ் துணை எழுத்துருக்கள்’ என்ற விருப்பத் தொகுப்புக்குள் போய்விட்டன. கணினியில் தமிழை ஒரு மொழியாகச் சேர்த்தவர்களிடம் இருக்கும், மற்றவர்களிடம் இருக்காது. விஜயா அதே அளவு எண்ணில் மற்றவற்றைவிடச் சிறிதாகத் தெரியும் எழுத்து. அதில் 14 புள்ளி வைத்து அளவாக அமைத்த வரி, விஜயா இல்லாத கணினியில் நிர்மலாவாக மாறும்போது சட்டென்று பெருத்து வரியை மீறும். எழுத்துரு மாறியதைவிட அளவு மாறுவதுதான் மடலை உடைக்கிறது.

இதையெல்லாம் வைத்து எங்கள் மடலின் உடல்பகுதிக்கு நான் கடைசியில் எழுதிய பட்டியல் இது:

```html
<td style="font-family: Arial, 'Nirmala UI', 'Tamil Sangam MN', sans-serif; font-size: 16px; line-height: 26px;">
```

இதில் வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. உலாவிகள் பட்டியலை வரிக்கு ஒருமுறை பார்ப்பதில்லை, எழுத்துக்கு எழுத்து பார்க்கின்றன. ஆங்கில எழுத்து வந்தால் முதலில் நிற்கும் ஏரியலிலேயே கிடைத்துவிடும். தமிழ் எழுத்து வந்தால் ஏரியலில் இல்லை, அடுத்ததான நிர்மலாவில் தேடும், விண்டோஸ் என்றால் அங்கே கிடைக்கும். ஆப்பிள் என்றால் இன்னொரு படி இறங்கித் தமிழ் சங்கத்துக்குப் போகும். தமிழ் எழுத்துருவை முதலில் வைத்தால் அதற்குள் இருக்கும் ஆங்கில எழுத்துகளே எல்லா ஆங்கிலச் சொற்களுக்கும் வந்துவிடும். நிர்மலாவில் ஆங்கிலமும் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆண்ட்ராய்டுக்கென்று நான் பெயர் எதுவும் எழுதவில்லை. அங்கே தமிழுக்கு நோட்டோ கேட்காமலே வரும். கடைசியில் இருக்கும் `sans-serif` பெயரல்ல, வகை. எதுவும் கிடைக்காவிட்டால் பாதமில்லாத எழுத்து ஒன்றைக் கொடு என்று அது சொல்கிறது. இந்த ஒரு சொல்லை நான் முதல் மடலில் எழுதியிருந்தால்கூட, ஜிமெயிலில் டைம்ஸ் வந்திருக்காது.

மேற்கோள் குறியையும் கவனியுங்கள். `style` முழுவதும் இரட்டைக் குறிக்குள் இருப்பதால் உள்ளே எழுத்துருவின் பெயருக்கு ஒற்றைக் குறிதான் போட வேண்டும். இரட்டைக் குறி போட்டால் அந்த இடத்திலேயே குறிப்பு முடிந்துவிட்டதாகக் கருவி எடுத்துக்கொள்ளும். எழுத்துரு மட்டுமல்ல, அதற்குப் பின் எழுதிய அளவும் வரி உயரமும் சேர்ந்து போகும். மடலின் ஒரு பகுதி மட்டும் காரணமில்லாமல் சிறுத்தோ நெருங்கியோ தெரிந்தால் முதலில் இந்தக் குறியைத்தான் தேடுவேன்.

கேட்டமரனை முழுவதும் கைவிட எனக்கு மனமில்லை. தலைப்புகளுக்கு மட்டும் பட்டியலின் முதலில் அதை வைத்தேன். ஆப்பிள் மெயிலில் படிக்கிறவர்களுக்கு அது கிடைக்கும், மற்றவர்களுக்கு ஏரியலும் நிர்மலாவும். ஆனால் பழைய அவுட்லுக் முதல் பெயரிலேயே தடுக்கி டைம்ஸுக்குப் போய்விடுமே? அதற்கென்று ஒரு வழி இருக்கிறது. மடலின் தலைப்பகுதியில் அவுட்லுக் மட்டும் படிக்கும்படி சில வரிகளை எழுதலாம்:

```html
<!--[if mso]>
<style>
h1, h2, p, td, a { font-family: Arial, sans-serif !important; }
</style>
<![endif]-->
```

மற்ற எல்லா மென்பொருளுக்கும் இது வெறும் குறிப்புரை, கடந்து போய்விடும். வேர்ட் இயந்திரம் மட்டும் இதைப் படித்து, ஏரியல் என்ற தெரிந்த பெயரை எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்துகளுக்கு அது தன்னிடம் உள்ள லதாவையோ நிர்மலாவையோ தானே போட்டுக்கொள்கிறது. அடுத்த மாத மடலில் அக்காவின் கணினியில் டைம்ஸ் போய்விட்டது.

பொத்தான் உடைந்ததற்கு வேறொரு பாடம். எழுத்துரு மாறினால் சொல்லின் அகலமும் மாறும். வெர்டானா ஏரியலைவிட அகலம், காலிப்ரி ஏரியலைவிடக் குறுகல். தமிழ் எழுத்துருக்களிடையே இந்த வித்தியாசம் இன்னும் கூடுதல், லதா விரிந்து உட்காரும் எழுத்து. நான் பொத்தானுக்கு 160 பிக்சல் அகலம், 40 பிக்சல் உயரம் என்று கட்டி வைத்திருந்தேன். இப்போது அகலத்தையும் உயரத்தையும் எழுதுவதில்லை. எழுத்தைச் சுற்றி மேலும் கீழும் 12, இருபுறமும் 24 பிக்சல் இடம் மட்டும் விடுகிறேன். சொல் பெருத்தால் பொத்தானும் பெருக்கும்.

வரி உயரம் தமிழில் தனிக் கவனம் கேட்கிறது. ஆங்கிலத்துக்கென்று வெளிநாட்டில் தயாரித்த மடல் வார்ப்புகளில் `mso-line-height-rule: exactly` என்ற குறிப்பு அடிக்கடி இருக்கும். வரி உயரத்தை இம்மி பிசகாமல் வைத்திரு என்று அவுட்லுக்குக்குச் சொல்வது அது. 16 பிக்சல் எழுத்துக்கு 18 பிக்சல் வரி என்று இருந்தால் ஆங்கிலம் தப்பித்துவிடும். தமிழில் ‘கீ’, ‘தீ’ ஆகியவற்றின் மேற்சுழி அறுபட்டு, ‘கி’யா ‘கீ’யா என்று தெரியாமல் போகும். ‘மு’, ‘மூ’ போன்றவற்றின் கீழ்ப்பகுதியும் அடுத்த வரியில் இடிக்கும். எழுத்தளவின் 1.6 மடங்கு வரி உயரம் வைத்தால் மூன்று தமிழ் எழுத்துருக்களுக்கும் போதும் என்பது என் அனுபவம். மேலே 16க்கு 26 என்று வைத்ததன் காரணம் அதுதான். தமிழைச் சாய்வெழுத்தாக்குவதையும் விட்டுவிடுங்கள். இந்த எழுத்துருக்களில் தனியே வரைந்த சாய்வு கிடையாது. கருவி நேர் எழுத்தைத் தள்ளிச் சாய்ப்பது படிக்கவே வேதனை. அழுத்தம் வேண்டுமானால் தடித்த எழுத்து போதும்.

செய்திமடல் அனுப்பாதவர்களுக்கும் மடலின் அடியில் ஒரு கையொப்பம் இருக்கும். அதிலும் இதே சிக்கல், சிறிய அளவில். மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் 2007 முதல் காலிப்ரியை இயல்பு எழுத்துருவாக வைத்திருந்தது. 2023இல் அதை மாற்றி ஆப்டோஸ் என்ற புதியதைக் கொண்டுவந்தது. புதிய ஆஃபிஸ் வைத்திருக்கிறவர் எதையும் தேர்ந்தெடுக்காமலே கையொப்பம் எழுதினால் அது ஆப்டோஸ் என்ற பெயரோடு போகும். பழைய ஆஃபிஸிலும், கைபேசியிலும், ஆஃபிஸ் இல்லாத மேக்கிலும் அந்தப் பெயருக்கு ஆளில்லை. வேர்டில் அழகாக அமைத்து ஜிமெயில் கையொப்பப் பெட்டியில் ஒட்டுகிறவர்களுக்கும் இதே கதி. எழுத்தோடு எழுத்துருவின் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி ஒட்டினால் வெறும் எழுத்து மட்டும் வரும். அதன் பிறகு அங்கேயே எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கலாம். ஜிமெயில் பட்டியலில் இருப்பதெல்லாம் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். அதில் கேரமண்ட் இருக்கிறது, ஆண்ட்ராய்டில் அது இல்லை. டஹோமா இருக்கிறது, ஐபோனில் அது இல்லை. ‘சான்ஸ் செரிஃப்’ என்பதையோ ஜார்ஜியாவையோ வெர்டானாவையோ எடுத்தால் போதும்.

கையொப்பத்தில் நான் அடிக்கடி பார்க்கும் இன்னொரு பழுது, இடைவெளிக் கட்டையை அழுத்தி அழுத்தி எண்களை ஒரே நேரில் நிறுத்துவது. ‘தொலைபேசி’, ‘கைபேசி’, ‘முகவரி’ என்று எழுதி முக்காற்புள்ளிகள் நேராக வரும்படி வெற்றிடம் விட்டிருப்பார்கள். அந்த நேர்த்தி ஒரு எழுத்துருவின் அகலத்துக்கு மட்டுமே பொருந்தும், மாறியவுடன் கோணலாகிவிடும். ஒரு தகவலுக்கு ஒரு வரி, இடதுபுறம் ஒட்டி எழுதினால் எந்த எழுத்துருவிலும் குலையாது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்று கையொப்பத்தை முழுப்படமாக்கி வைப்பதும் சரியல்ல. அவுட்லுக் பல நேரம் படங்களைத் தடுத்து வைத்திருக்கும், அப்போது உங்கள் பெயரே தெரியாது. தெரிந்தாலும் படத்திலுள்ள எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது. கண் தெரியாத வாசகரின் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம்.

எழுத்துரு மாற்றத்தில் தோற்றம் கெடுவது ஒரு வகை, சொல்லே அழிவது இன்னொரு வகை. நம் அச்சகங்களில் இன்றும் பாமினியில் தட்டச்சு செய்த தமிழ் புழங்குகிறது. பாமினியில் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது, அவ்வளவுதான். விழா மலருக்கு அச்சகத்தில் அடித்த வாழ்த்துச் செய்தியை அப்படியே மடலில் ஒட்டினால், பாமினி இல்லாதவருக்கு ‘வணக்கம்’ என்பது `tzf;fk;` என்று போய்ச்சேரும். இதற்கு எந்தப் பட்டியலும் உதவாது, ஒருங்குறிக்கு மாற்றித்தான் அனுப்ப வேண்டும். கண்டுபிடிப்பது எளிது. வந்த உரையைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை ஏரியலாக மாற்றிப் பாருங்கள். தமிழாகவே நின்றால் ஒருங்குறி. ஆங்கிலமும் அரைப்புள்ளிகளுமாக மாறினால் பாமினி வகை.

அனுப்புமுன் சோதிக்கப் பணம் கட்டிச் சேவை எதுவும் வாங்க வேண்டியதில்லை. என் கணினியில் கேட்டமரனை நீக்கிவிட்டேன், அது முதல் சோதனை. பிறகு ஆண்ட்ராய்டு, ஐபோன், பழைய அவுட்லுக் வைத்திருக்கும் மூன்று பேருக்கு அனுப்பித் திரைப்படம் கேட்கிறேன். எந்த எழுத்துரு வந்திருக்கிறது என்று ஐயம் வந்தால், குரோமில் ஜிமெயிலைத் திறந்து வரியின்மேல் வலது சொடுக்கி `Inspect` எடுத்து, `Computed` பகுதியின் அடியில் பார்க்கலாம். `Rendered Fonts` என்ற தலைப்பின் கீழ் உண்மையில் பயன்பட்ட எழுத்துருவின் பெயரும், அதில் எத்தனை எழுத்துகள் காட்டப்பட்டன என்பதும் இருக்கும். எங்கள் மடலின் ஒரு பத்தியில் ஏரியல், நிர்மலா யூஐ என்று இரண்டு பெயர்கள் அங்கே வர வேண்டும். டைம்ஸ் நியூ ரோமன் என்று ஒன்று எட்டிப் பார்த்தால் பட்டியலில் எங்கோ பிழை.

உங்கள் கையொப்பத்தை இன்றே ஒருமுறை வேறொருவரின் கைபேசியில் திறந்து பாருங்கள். உங்கள் சொந்தக் கணினியில் மட்டும் பார்க்காதீர்கள்.